நாணயம் சொல்லும் ஆண்டு

ஐதராபாத்தில் வாழும் தமிழன்பர் ஒருவர், நிஜாம் காலத்து வெள்ளி ரூபாயின் படத்தை அனுப்பி, அதன் ஆண்டு யாதெனக் கேட்டிருந்தார்.

முதலில் சார்மினார் நிமிர்ந்து நிற்குமாறு படத்தைத் திருப்பினேன். பாரசீக இலக்கத்தில் ஏழு என்பது மேல்நோக்கித் திறந்த கோணம். தலைகீழானால் அதுவே எட்டாகிவிடும். எழுத்துகள் வலமிருந்து சென்றாலும், இலக்கங்களை இடமிருந்தே படிக்க வேண்டும்.

கண்டது 1337 என்னும் ஹிஜ்ரி ஆண்டு. சந்திர ஆண்டு குறுகியதாதலால், நூற்றுக்கு மூன்றாக 40 கழித்து, 622 கூட்டினால் 1919 வரும். ஈராண்டுகளில் பரவுவதால் 1918-19 என்பதே சரி.

சார்மினாரின் வாயிலில் 'ஐன்' எழுத்து இருந்தது. அது 1911இல் பட்டமேறிய உஸ்மான் அலிகானின் முதலெழுத்து. முந்தைய மஹபூப் அலிகானுக்குரிய 'மீம்' இருந்திருப்பின், நான் படித்த ஆண்டே பிழையாகும்.