பவுசருக்குச் சொல்லுமுன் தொட்டியை அளவுங்கள்

(ஊர்காவற்றுறையில் மீளக்குடியமர்ந்த குடும்பங்களுடனான கலந்துரையாடலில் ஆற்றிய உரை)

"போன கிழமைதான் பவுசர் வந்தது, அதற்குள் தண்ணீர் முடிந்துவிட்டது" என்று பலர் சொன்னீர்கள். பவுசரைக் குறை சொல்லுமுன் தொட்டிக்குள் ஒரு தடியை விட்டு அளந்து பாருங்கள்.

ஒன்றரை மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமுமான நிலக்கீழ் தொட்டியில் 10 சென்ரிமீற்றர் தண்ணீர் என்றால் 150 லீற்றர். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 50 லீற்றர் எடுக்கும் வீட்டுக்கு அது மூன்று நாளைக்குத்தான். ஆகவே 20 சென்ரிமீற்றர் இருக்கும்போதே அடுத்த பவுசருக்குச் சொல்லிவிடுங்கள்.

இரவு அளந்து மூடி, தண்ணீர் எடுக்காமல் காலையில் மறுபடி அளந்து பாருங்கள். 2 சென்ரிமீற்றர் குறைந்திருந்தால், 30 லீற்றர் வெடிப்பு வழியே போய்விட்டது. மாரி காலத்தில் கூடியிருந்தால் இன்னும் மோசம். மண்ணிலுள்ள உவர்நீரும், பக்கத்து மலசலகூடக் கழிவும்கூட, உள்ளே வரலாம். அதைக் குடிக்க வேண்டாம். வெடிப்பைப் பூசிய பிறகே நிரப்புங்கள்.

பவுசர் வரும் நாள் காலையில் மிச்சத் தண்ணீரை அள்ளிவைத்துவிட்டு, வண்டலை எடுத்து, சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். தனியே இறங்க வேண்டாம். மேலே ஒருவர் நிற்கட்டும். தொட்டி வாயின் விளிம்பு நிலத்திலிருந்து ஒரு சாணாவது உயர்ந்திருந்தால் மழைவெள்ளம் உள்ளே ஓடாது. தகரத் துண்டை மூடியாக வைக்காதீர்கள். அது காற்றுக்கு நகரும், நுளம்பு புகும், பிள்ளைகள் மிதித்தால் உள்ளே விழுவார்கள்.