ஐடியைப் பூட்டுகிறவர் காரணத்தை எழுதிக் கொடுக்கட்டும்



டெலிவரி வேலையில் சேர்ந்த அன்று நம் போனில் ஓர் ஒப்பந்தம் வந்தது. சம்மதம் என்று அழுத்தினால்தான் ஐடி திறக்கும், அழுத்தினோம். வண்டிச் செலவு முழுவதும் உன்னுடையது என்கிறது அது. இன்சென்டிவை நாங்கள் விரும்பியபோது மாற்றுவோம் என்கிறது. ஐடியை நாங்கள் விரும்பியபோது நிறுத்துவோம் என்கிறது. இந்த மூன்றையும் தனித்தனியாகப் படிக்காதீர்கள். ஒன்று நம் கையைக் கட்டுகிறது, அடுத்தது ஓட வைக்கிறது, மூன்றாவது வாயை அடைக்கிறது.

சென்னையில் சாப்பாடு கொண்டுபோகும் ஒருவரின் ஒரு நாளைப் பார்ப்போம். ஆர்டருக்கு 30 ரூபாய், 24 ஆர்டர். 720 ரூபாய். 24 முடித்தால் இன்சென்டிவ் 200. மொத்தம் 920. கடைக்குப் போவதையும், கொடுத்துவிட்டுச் சும்மா திரும்பி வருவதையும் சேர்த்தால் 120 கிலோமீட்டர் ஓடியிருக்கும். நம் ஊர் டிராஃபிக்கில் லிட்டருக்கு 45 கிடைத்தாலே பெரிது. பெட்ரோலுக்கு 270 ரூபாய். ஆயில், டயர், செயின், பிரேக் எல்லாவற்றுக்கும் நாளுக்கு 60 ஒதுக்குங்கள். மாதம் 3,500 ரூபாய் டியூ என்றால் 25 வேலை நாளுக்குப் பிரித்து 140. ஆக 470 செலவு. கையில் நிற்பது 450.

இப்போது ஓர் ஆர்டர் குறையட்டும். கடைக்காரர் அரை மணி நேரம் தாமதித்தார், 23-இல் நின்றுவிட்டது. 690 ரூபாய்தான் வரவு. இன்சென்டிவ் இல்லை. செலவு அநேகமாக அதே 470. மிச்சம் 220. அந்த ஓர் ஆர்டரின் விலை 30 ரூபாய் அல்ல தோழர்களே, 230 ரூபாய்! சிகப்பு சிக்னலில் நம் பையன் ஏன் பாய்கிறான் என்று டிவியில் கேட்கிறார்களே, பதில் இந்தக் கணக்கில் இருக்கிறது.

வண்டியைப் பாருங்கள். மாதம் 3,000 கிலோமீட்டர். மூன்று வருடக் கடன் முடியும் நாளில் மீட்டர் லட்சத்தைத் தாண்டியிருக்கும். அடுத்த வண்டிக்கு அடுத்த கடன். விபத்து நடந்தால், சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்சூரன்ஸ் பாலிசியில் வாடகைக்கும் சரக்கு ஏற்றவும் இடமில்லை என்று எழுதியிருக்கிறது. வண்டி சேதத்துக்குப் பணம் கேட்டால் அதைக் காட்டிக் கையை விரிக்கலாம். 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் நம்மைப் போன்ற 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் கம்பெனி தரவேண்டிய செலவை மக்கள் வரிப்பணம் ஏன் சுமக்க வேண்டும்? கிலோமீட்டருக்கு இவ்வளவு வண்டிப்படி, திரும்பி வரும் தூரத்துக்கும் சேர்த்து, என்று ஒப்பந்தத்தில் எழுதட்டும்.

கேட்டால் என்ன ஆகும்? ஐடி பிளாக். எதையும் கேட்காவிட்டாலும் பிளாக் ஆகும், நம்மில் ஒருவருக்கு நடந்தது இது. அபார்ட்மெண்ட் வாசலில் செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. வாடிக்கையாளர் போனில் சொன்னபடி பார்சலை செக்யூரிட்டியிடமே கொடுத்துவிட்டு வந்தார். ராத்திரி 'சாப்பாடு வரவில்லை' என்று புகார். காலையில் ஐடி திறக்கவில்லை. உதவி என்ற இடத்தில் கேட்டால் ஒரே பதில் திரும்பத் திரும்ப வருகிறது. டீம் லீடர் 'மேலே மெயில் போட்டிருக்கேண்ணே' என்கிறார், அவர் கையிலும் அதிகாரம் இல்லை. பேசிய கால் பதிவும் ஜிபிஎஸ் தடமும் கம்பெனியிடமே இருக்கின்றன. பார்க்கத்தான் ஆளில்லை. டியூ தேதி மட்டும் தவறாமல் வந்தது.

பக்கத்து கர்நாடகத்தில் 2025-இல் சட்டம் போட்டார்கள். காரணத்தை எழுத்தில் கொடுத்து, 14 நாள் முன்னறிவிப்புத் தந்துதான் ஒருவரை நீக்க வேண்டும். ஒப்பந்த நிபந்தனையை மாற்றவும் 14 நாள் முன்பே சொல்ல வேண்டும். ஓசூரைத் தாண்டினால் இருக்கும் உரிமை ஓசூருக்கு இந்தப் பக்கம் ஏன் கூடாது? நம் அரசு 2023-இல் நல வாரியம் அமைத்தது, வரவேற்றோம். ஆனால் அடிபட்ட பிறகு வரும் உதவித்தொகை வேறு, பூட்டிய ஐடியைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் வேறு. பெண்ணிடம் தவறாக நடந்ததாகப் புகார் வந்தால் உடனே நிறுத்தி விசாரிக்கட்டும், நாங்கள் குறுக்கே நிற்கமாட்டோம். அப்போதும் ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் கேட்க வேண்டும். குற்றம் இல்லையென்று தெரிந்தால், பூட்டிய நாட்களுக்குச் சராசரி வருமானத்தைக் கொடுக்க வேண்டும்.

தொழிலாளர் துறைக்கு மனு கொடுக்கப் போகிறோம். வெறும் புகாராகக் கொடுக்க வேண்டாம். இன்றிலிருந்து ஒரு மாதம் பெட்ரோல் பில்லை வையுங்கள், தினம் வண்டி மீட்டரைப் படம் எடுங்கள், இன்சென்டிவ் அட்டவணை மாறும்போதெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஐடி பூட்டினால் ஆப்பின் பழைய விவரம் நமக்குக் கிடைக்காமல் போகலாம். அதனால் வாரா வாரம் வருமானப் பக்கத்தையும் எடுத்து வேறு போனுக்கு அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே ஐடி போனவர்கள் மேடைக்கு இடப்பக்கம் உள்ள மேசையில் தேதியையும், சொன்ன காரணத்தையும், காரணமே சொல்லவில்லை என்றால் அதையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.