அம்மாவின் பஞ்சும் மைசெல் கணக்கும்



சென்ற தீபாவளிக்கு மறுநாள் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு சிறு வாக்குவாதம். அம்மா பாத்திரம் கழுவும் திரவத்தை நேரே பஞ்சில் ஊற்றிக்கொண்டிருந்தார். "இது வீண்செலவு அம்மா" என்று சொல்லி, 5 லிட்டர் தண்ணீர் உள்ள பேசினில் ஒரு தேக்கரண்டி திரவத்தைக் கலந்தேன். நுரை வந்தது, ஆனால் கோழிக்கறிச் சட்டியின் பிசுக்கு மட்டும் போகவில்லை. ஏன்?

சவர்க்கார மூலக்கூறுக்குத் தலையும் வாலும் உண்டு. தலை தண்ணீரை விரும்பும். வால் தண்ணீரை வெறுத்து எண்ணெயோடு சேரும். தண்ணீரில் கொஞ்சமாகப் போட்டால், இவை முதலில் நீரின் மேற்பரப்பில் வாலை வெளியே நீட்டிக்கொண்டு அடுக்காக நிற்கும். மேற்பரப்பு நிறைந்த பிறகு மேலும் சேர்த்தால்தான், வால்களை உள்ளே மறைத்துத் தலைகளை வெளியே காட்டியபடி சிறு உருண்டைகளாகக் கூடும். இந்த உருண்டைக்குப் பெயர் மைசெல். அதன் நடுவே உள்ள எண்ணெய் போன்ற இடத்தில்தான் பிசுக்கு புகுந்து, தண்ணீரோடு போகிறது.

மைசெல்கள் உருவாகத் தொடங்கும் அந்த எல்லை அளவைத்தான் மைசெல் மாறுநிலைச் செறிவு என்கிறோம். பல சவர்க்காரப் பொருள்களில் உள்ள சோடியம் லாரில் சல்பேட்டுக்கு, 25 பாகை வெப்பத்தில் தூய நீரில், அது லிட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிராம். ஓர் உருண்டையில் சுமார் 60 மூலக்கூறுகள் இருக்கும்.

இப்போது என் பேசினுக்கு வருவோம். திரவத்தில் 15 விழுக்காடு இந்தப் பொருள் மட்டுமே இருப்பதாக வைத்துக்கொள்வோம். 5 கிராம் திரவத்தில் அது 0.75 கிராம். 5 லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு 0.15 கிராம்தான். எல்லையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! அதே கரண்டித் திரவம், 50 மில்லி லிட்டர் நீர் உள்ள பஞ்சில் லிட்டருக்கு 15 கிராம் ஆகிறது. கடையில் விற்கும் திரவங்களில் பல பொருள்கள் கலந்திருப்பதால் அவற்றின் எல்லை இதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனாலும் பஞ்சுக்கும் பேசினுக்கும் உள்ள நூறு மடங்கு வேறுபாடு மாறாது.

நுரையைப் பார்த்து ஏமாந்தவன் நான். நுரை, எல்லைக்குக் கீழேயும் வரும். விரலால் சட்டியைத் தடவிப் பார்ப்பதே உண்மையான சோதனை.

இன்னொன்று: மைசெல் நிலையான பொட்டலமல்ல. தண்ணீர் கூடி, செறிவு எல்லைக்குக் கீழே இறங்கினால் அது கலைந்து, பிடித்த எண்ணெயை விட்டுவிடும். எனவே அதே பேசினில் நீரை மேலும் மேலும் ஊற்றாமல், ஓடும் நீரில் அலசுங்கள். மைசெல்லின் வயிறும் சிறியதுதான். அதனால் கெட்டி எண்ணெயை முதலில் காகிதத்தால் துடைத்துவிடுவது நல்லது.

அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். "நீ படிச்சுக் கண்டுபிடிச்சதை என் கை எப்பவோ சொல்லிருச்சுடா" என்றார்.