பித்தப்பைக் கல்லும் எண்ணெய்க் கரண்டியும்

நான் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகிறவள். பிரஷர், சுகர் பார்க்கப் போகிற இடத்தில், "பித்தப்பையில கல்லாம், இனிமே ஒரு சொட்டு எண்ணெய் கூடாதாம்" என்று சொல்கிறவர்களை அடிக்கடிப் பார்க்கிறேன்.

பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். அதைச் சேர்த்து வைக்கிற பைதான் பித்தப்பை. வடை, பிரியாணி என்று கொழுப்பு உள்ளே போனால், அந்தப் பை சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்குள் விடும். அப்போது கல் அதன் வாயில் மாட்டினால் வலிதான். வலது விலாவுக்குக் கீழோ மேல்வயிற்றிலோ பிடித்து, முதுகுக்கும் வலது தோளுக்கும் ஏறும். அரை மணியிலிருந்து சில மணி நேரம் இருக்கும். நாமதான் கேஸுன்னு சோடா குடிச்சிட்டுப் படுத்துடுவோம்.

அதனால் வலி வந்த புதிதில் பொரித்ததை ஒதுக்குவது சரி. ஆனால் எண்ணெயை நிறுத்துவதால் இருக்கிற கல் கரையாது.

நம்ம திருமுடிவாக்கம் சிட்கோவில் வேலை செய்கிற ஒரு அக்கா, ஸ்கேனில் கல் என்றதும் எண்ணெய், தேங்காய், பால் எல்லாத்தையும் அடியோடு நிறுத்தினார். காலையில் பட்டினி, மதியம் வெறும் கஞ்சி. இரண்டே மாதத்தில் 10 கிலோ இறங்கியது. மூன்றாம் மாதம், கஞ்சி மட்டும் குடித்த ஒரு நாள் ராத்திரி, அதே வலி! "எதைத்தான் தின்றது?" என்று அழுதார்.

டாக்டர் காரணம் சொன்னார். கொழுப்பே போகாவிட்டால் பை சரியாகச் சுருங்காது. பித்தநீர் உள்ளேயே தேங்கிக் கெட்டியாகும். உடம்பு வேகமாக இளைத்தால் கல்லீரல் பித்தநீரில் கொலஸ்ட்ராலை அதிகமாகக் கொட்டும். இரண்டும் சேர்ந்தால் புதுக் கல் உருவாக வழி. அதனால், வேளை தவறாமல் சாப்பிடச் சொன்னார். தாளிப்புக்கும் பொரியலுக்கும் சேர்த்து ஒரு வேளைக்கு இரண்டு டீஸ்பூன் எண்ணெய், அதாவது 10 கிராம் போல, இருக்கட்டும் என்றார். எது சாப்பிட்டால் வலி வருகிறதோ அதை மட்டும் விடச் சொன்னார்.

திரும்பத் திரும்ப வலி வந்தால் பித்தப்பையையே எடுப்பதுதான் தீர்வு. அந்த அக்காவுக்கும் அப்படித்தான் எடுத்தார்கள். பை இல்லாவிட்டாலும் கல்லீரலிலிருந்து பித்தநீர் நேராகக் குடலுக்குப் போகும். சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளக்கமாகப் போகும். அதுவரை எண்ணெயைக் குறைத்துக்கொள்ளலாம். ஆயுசுக்கும் பத்தியம் வேண்டாம். அக்கா இப்போது மீன் குழம்பும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிடுகிறார். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்து, வலியே இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் பத்தியமும் இல்லை, ஆபரேஷனும் இல்லை.

வலியோடு குளிர் ஜுரம், மஞ்சள் கண், கறுத்த சிறுநீர், இல்லை விடாத வாந்தி என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. மற்றபடி, ஸ்கேன் எழுதிக் கொடுத்தால் 6 மணி நேரம் வெறும் வயிற்றோடு போங்க. ஒரு பால் டீ குடிச்சாலும் பை சுருங்கிடும், கல் சரியாகத் தெரியாது.