வரலாற்றுப் பாடத்தில் வரும் புண்படுத்தும் சொற்கள்
(மாலைநேர வகுப்பு ஆசிரியர்கள், பெற்றோர்கள் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



வரலாற்றுப் பாடம் நடத்தும்போது ஆசிரியரின் நாக்கு தயங்கும் இடங்கள் உண்டு. ஒரு சமூகத்தை இழிவுபடுத்த அன்றைய அரசு சூட்டிய பெயரே பாடத்தின் தலைப்பாக வந்து நிற்கும். சொல்லாமல் விட்டால் பாடம் நடக்காது. சொல்லிக்கொண்டே இருந்தால் வகுப்பில் ஒரு பிள்ளை தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும். இன்று ஒரே ஓர் உதாரணத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். குற்றப் பரம்பரைச் சட்டம்.

ஆங்கில அரசு 1871-ல் இதை முதலில் வட இந்தியாவில் கொண்டுவந்தது. 1911-ல் திருத்திய சட்டம் நம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. திருடியவனைப் பிடிக்க வந்த சட்டமல்ல இது. அரசு அறிவித்த சமூகத்தில் பிறந்தவர் என்பதற்காகவே ஒருவரைப் பதிவேட்டில் ஏற்றி, கைரேகை எடுத்து, இரவில் போலீஸ் நிலையத்தில் ஆஜராக வைக்கும் சட்டம். உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். சட்டம் நாடு முழுவதும் நீங்கியது 1952-ல்தான்.

இதை வகுப்பில் எப்படிச் சொல்வது? சட்டத்தின் முழுப் பெயரை, ஆண்டோடு சேர்த்து, கரும்பலகையில் ஒருமுறை மேற்கோள் குறிக்குள் எழுதலாம். எழுதும் முன்பே, "இது ஆங்கில அரசு வைத்த பெயர், அந்த மக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரல்ல" என்று சொல்லிவிட வேண்டும். வரிசை முக்கியம். சொல்லை முதலில் கேட்ட பிள்ளை அதற்குள் பக்கத்துப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்துவிடும். பிறகு சொல்லும் விளக்கம் காதில் ஏறாது.

அதன்பின் அந்தச் சொல்லுக்கு வேலையில்லை. அதற்கு உள்ளானவர்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். மீதிப் பாடம் முழுவதையும் அந்தப் பெயரிலேயே நடத்தலாம். சட்டம் என்ன செய்தது என்பதும் அந்தப் பெயரில்தான் தெளிவாகத் தெரிகிறது. மக்களைக் குறிக்க அரசு ஆவணங்களில் இன்று வழங்கும் 'சீர்மரபினர்' என்ற சொல் இருக்கிறது. எந்தெந்தச் சாதிகள் பட்டியலில் இருந்தன என்று வரிசையாக வாசிக்கத் தேவையே இல்லை. நாமும் இங்கே வாசிக்கவில்லை, பாடம் குறைந்துவிட்டதா?

அடுத்தது வாக்கியம். "அவர்கள் குற்றப் பரம்பரையினர்" என்று சொன்னால் ஆசிரியரே அந்த முத்திரையைக் குத்துகிறார். "அரசு அவர்களைக் குற்றப் பரம்பரை என்று அறிவித்தது" என்றால், செய்தவர் யார் என்பது வாக்கியத்திலேயே இருக்கிறது. பாடம் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று அறிய நோட்டுப் புத்தகத்தைப் பாருங்கள். பிள்ளையின் விடையில் 'அரசு', 'என்று அறிவித்தது' என்ற சொற்கள் விழுந்துபோயிருந்தால் அதை மீண்டும் நடத்த வேண்டும். இடைவேளையில் அந்தச் சொல் கேலிப் பெயராகக் கேட்டாலும் அப்படியே.

மாதிரித் தேர்வுக் கேள்வியிலும் கவனம் வேண்டும். "எந்தச் சமூகம் இவ்வாறு அழைக்கப்பட்டது?" என்று கேட்டால் முப்பது பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்வார்கள். "பதிவு செய்யப்பட்டவர் மீது சட்டம் என்ன கட்டுப்பாடுகளை விதித்தது?" என்று கேளுங்கள். அந்தப் பத்தியை உரக்க வாசிக்க எந்தப் பிள்ளையையும் எழுப்ப வேண்டாம். அந்தச் சமூகத்துப் பிள்ளையிடம் "உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள்?" என்று, நல்லெண்ணத்தோடுதான் என்றாலும், கேட்க வேண்டாம். தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

இது பிறர் வீட்டு விஷயம் என்று நம்மில் யாரும் நினைக்க மாட்டோம். சென்னை மாகாணத்தில் இருந்த மலபாரின் மாப்பிள்ளை முஸ்லிம்களுக்காக 1854-ல் ஒரு சட்டம் வந்தது. 'மாப்பிள்ளா அட்டூழியங்கள்' என்பது அதன் பெயரிலேயே இருந்தது. ஆங்கில அதிகாரிகளின் குறிப்புகள் அவர்களை மதவெறியர் என்றே எழுதின. குத்தகைக் கொடுமை பின்னுக்குப் போய், அந்தச் சொல்லே காரணம்போல் ஆகிவிட்டது. இங்கேயும் அதே முறைதான்: யார் எழுதியது, எப்போது, எதற்காக என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு சொல்லைக் காட்டுவது.

சொல்லையே எடுத்துவிட்டால் என்ன என்று சில பெற்றோர் கேட்கிறீர்கள். சட்டத்தின் பெயரை எடுத்துவிட்டால், பிறப்பையே குற்றமாக்கினார்கள் என்பது பிள்ளைக்குப் புரியாது. பெருங்காமநல்லூரில் ஏன் மறுத்தார்கள் என்பதும் புரியாது. ஆனால் பழைய நூல்களில் வரும் வெறும் வசைச் சொற்கள் வேறு. அவற்றுக்குப் பின்னால் சட்டமோ பதிவேடோ இல்லை. அங்கே "இழிவாக ஒரு சொல்லால் குறிப்பிட்டார்" என்று ஆசிரியர் கடந்துபோனால் பாடத்துக்கு ஒரு குறையும் வராது.