போட்டோவில் வரும் சிவப்புக் கல்: மாணிக்கமா, கண்ணாடியா?
(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் பட்டை தீட்டும் வேலை செய்கிற நம் பெண்களுக்குக் கல் புதிதல்ல. ஆனா இப்போ கல்லைக் கையில் கொடுக்காமல், செல்போனில் படத்தை மட்டும் அனுப்பி "அசல் மாணிக்கம், முன்பணம் போடுங்க" என்று கேட்கிறாங்க. குழுக் கடனை எடுத்துப் போடும் முன் படத்தில் என்ன பார்க்கணும் என்று இன்று பேசுவோம்.

முதலில் படத்தைப் பெரிதாக்கி, இரண்டு பட்டைகள் சேரும் விளிம்பைப் பாருங்க. மாணிக்கம் கடினமான கல். வைரம்தான் அதைவிடக் கடினம். அதனால் நன்றாகத் தீட்டிய மாணிக்கத்தின் விளிம்பு கத்தி போல நேராக இருக்கும். அச்சில் வார்த்த கண்ணாடியில் விளிம்பு சோப்புக்கட்டி தேய்ந்த மாதிரி உருண்டு போகும், பட்டையும் நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். படம் மங்கலாக இருந்தாலும் விளிம்பு உருண்டது போலத் தெரியும். ஆகவே கல்லின் ஒரு பக்கமாவது தெளிவாக விழுந்த படத்தில்தான் முடிவு செய்யணும்.

அடுத்து கல்லின் உள்ளே பாருங்க. கண்ணாடியில் காற்றுக் குமிழி உருண்டையாக, ஓரம் கறுத்து, நடுவில் வெளிச்சப் புள்ளியோடு தெரியும். மேலே ஒட்டிய தூசியும் புள்ளியாகத்தான் தெரியும். அதனால் கல்லைத் துடைத்து, கொஞ்சம் திருப்பி, இன்னொரு படம் கேளுங்க. தூசி போயிடும், குமிழி போகாது. மண்ணிலிருந்து எடுத்த மாணிக்கத்தில் பெரும்பாலும் மெல்லிய ஊசிகளோ, மூலை உள்ள சிறு படிகங்களோ இருக்கும்.

ஒரு படம் வருது என்று வைத்துக்கொள்வோம். நீள்வட்டச் சிவப்புக் கல், படம் தெளிவு. விளிம்புகள் உருண்டிருக்கு, உள்ளே இரண்டு உருண்டைக் குமிழி. துடைத்து எடுத்த படத்திலும் அவை அப்படியே இருக்கு. இது கண்ணாடி என்று சந்தேகப்பட இரண்டு காரணமும் சேர்ந்துவிட்டது. பணம் போடக்கூடாது.

இப்போ விளிம்பு கூர்மை, குமிழியும் இல்லை என்றால்? அசல் என்று சொல்லிட முடியாதுங்க. கண்ணாடியையும் கூர்மையாகத் தீட்டலாம். உலையில் செய்த மாணிக்கமும் உண்டு. அந்த முறையை 1902-இல் பிரான்ஸ் நாட்டு வெர்னாய் அறிவித்தார். அதுவும் மாணிக்கம் போலவே கடினம், விளிம்பும் கூர்மை. ஆனா மதிப்பு மிகக் குறைவு. அதிலும் சில சமயம் குமிழி இருக்கும், வளைந்த கோடுகளும் தெரியலாம்.

ஆக, படம் "வேண்டாம்" என்று சொல்லும். "வாங்கு" என்று சொல்லாது. கல்லை நேரில் பரிசோதனைக் கூடத்தில் காட்டி, ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளந்து எழுதிய சான்று வந்த பிறகே பணம் கொடுங்க.