கூரையில் ஓடும் மின்சாரத்துக்கு ஒரு தாள்

வீட்டு மொட்டை மாடிகளில் சோலார் பொருத்துவது என் தொழில். புதிதாகக் கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது, "இதுவரைக்கும் எத்தனை கிலோவாட் போட்டிருக்கீங்க?" என்பதுதான். நான் எண்ணைச் சொல்வதில்லை, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டுவேன். ஏதாவது ஒரு வீட்டில் வேலை முடிந்து மின்சாரம் கொடுத்த அன்று எடுத்த அளவீடுகள் அதில் இருக்கும். இன்றைய உரை அந்தத் தாளைப் பற்றியதுதான்.

மூன்று கிலோவாட் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 540 வாட் பேனல்கள் ஆறு, மொத்தம் 3,240 வாட். ஆனால் சித்திரை வெயில் உச்சியில் நிற்கும்போது கூட இன்வெர்ட்டர் திரையில் அந்த எண் வராது. பேனல் சூடேறச் சூடேற அதன் திறன் குறையும். தொட்டால் கை சுடுகிற 65 டிகிரியில் ஏழில் ஒரு பங்கு அப்படியே போய்விடும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம் இருக்காது. மூன்று கிலோவாட்டில் தினமும் 20 யூனிட் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

சான்றிதழ் இருக்கிறதா என்றும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். மத்திய அரசின் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் நடத்தும் 'சூர்யமித்ரா' பயிற்சி பேனல் பொருத்துவதைச் சொல்லிக்கொடுக்கிறது. ஆனால் வீட்டு ஈ.பி. போர்டில் கை வைக்க வயர்மேன் லைசென்ஸ் உள்ளவர் வேண்டும். இரண்டும் வேறு வேறு. ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தட்டிக்கழிக்க விடாதீர்கள்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டு மின்சாரத்தை மெயின் சுவிட்சில் அணைக்கலாம். பேனலை அணைக்க முடியாது. வெயில் விழுகிறவரை அது மின்சாரம் தந்துகொண்டுதான் இருக்கும். ஊரில் கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் மீது நம் வீட்டு மின்சாரம் பாயக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அப்போதும் பேனலிலிருந்து இன்வெர்ட்டருக்கு வரும் கேபிளில் கிட்டத்தட்ட 300 வோல்ட் இருக்கும்.

அதுவும் டி.சி. மின்சாரம். வீட்டில் ஓடும் ஏ.சி. ஒரு நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புவதால், சுவிட்சைத் தட்டும்போது எழும் பொறி உடனே அணைந்துவிடுகிறது. டி.சி. பூஜ்யத்துக்கு வருவதே இல்லை. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பேனல் கனெக்டரைப் பிடுங்கினால், இரு முனைகளுக்கும் நடுவே நெருப்பு நின்று எரியும். பிளாஸ்டிக் உருகும், கை வெந்துபோகும். ஏ.சி.க்கான சாதாரண பிரேக்கரை டி.சி. பக்கம் மாட்டி வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பிரேக்கரின் மேல் எழுதியிருப்பதைப் படித்தால் தெரிந்துவிடும். டி.சி. என்றும் எத்தனை வோல்ட் என்றும் அச்சிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றே மாற்றச் சொல்லுங்கள்.

அதனால் எங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஏ.சி. பக்கம் அணைப்போம், பிறகு டி.சி. ஐசொலேட்டர். இன்வெர்ட்டருக்குள் தேங்கிய மின்சாரம் வடியச் சில நிமிடம் காத்திருப்போம். அதன் பிறகு கேபிளைச் சுற்றி கிளாம்ப் மீட்டரை மாட்டி, ஆம்பியர் பூஜ்யம் என்று பார்த்த பிறகே கனெக்டரில் கை வைப்போம். சுவிட்சைத்தான் அணைத்தாயிற்றே, மீட்டர் எதற்கு என்று உதவிக்கு வரும் தம்பிகள் கேட்பார்கள். கேபிள் இரண்டு இடத்தில் எர்த் ஆகியிருந்தால், சுவிட்ச் அணைந்த பிறகும் அந்த வழியாக மின்சாரம் சுற்றிக்கொண்டிருக்கும். அதைக் கண்ணால் பார்க்க முடியாது, மீட்டர் மட்டுமே காட்டும்.

அந்தத் தாள் எப்படி உதவும் என்று ஒரு வீட்டைக் கொண்டே சொல்கிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வீடு, ஐப்பசி மழைக்காலம். "தம்பி, காலையில இன்வெர்ட்டர் சிவப்பு விளக்கு போட்டு நிக்குது, மத்தியானம் தானா ஓடுது" என்று வீட்டுக்கார அண்ணாச்சி போன் செய்தார். காலையில் கோளாறு, காய்ந்ததும் சரி என்றால் ஈரம்தான் காரணம். தினமும் காலையில் ஓடத் தொடங்கும் முன், கேபிள் எங்காவது பூமியைத் தொடுகிறதா என்று இன்வெர்ட்டர் சோதித்துப் பார்க்கும். தொட்டால் ஓடாது.

நான் போனபோது பத்து மணி இருக்கும், வெயில் ஏறியிருந்தது. எல்லாவற்றையும் அணைத்து, இன்வெர்ட்டரிலிருந்து பேனல் கேபிள்கள் இரண்டையும் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன். பிளஸுக்கும் மைனஸுக்கும் இடையே 277 வோல்ட். சூடான நிலையில் பேனலுக்கு 46 வோல்ட், ஆறு பேனலுக்குச் சரியான அளவு. பொருத்திய அன்றைய தாளிலும் அதையொட்டிய எண்ணே இருந்தது. ஆக ஆறு பேனலும் நலம், இணைப்பு எதுவும் அறுபடவில்லை.

அடுத்து பிளஸுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்தேன். நல்ல கேபிளாக இருந்தால் எண் சட்டென்று இறங்கிப் பூஜ்யத்தருகே போய்விட வேண்டும். இங்கே 92 வோல்டில் நின்றது. மைனஸுக்கும் எர்த்துக்கும் 185. கோளாறு எங்கே என்று இந்த இரண்டு எண்ணும் சொல்லிவிட்டன. 92 என்பது இரண்டு 46. பிளஸ் முனையிலிருந்து இரண்டு பேனல் தாண்டி, மூன்றாவது பேனலுக்கு முன்னால் எங்கோ கேபிள் இரும்பைத் தொடுகிறது. ஆறு பேனலையும் கழற்றிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்த வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு ஒருபுறம் இரண்டு பேனலும் மறுபுறம் நான்கும் இருந்தன. நடுவே ஒரு நீட்டிப்பு கேபிள். அதன் முனையிலிருந்த கனெக்டர் வேறு கம்பெனியுடையது. மாட்டினால் 'டிக்' என்று உட்கார்ந்துவிடும், ஆனால் உள்ளே ரப்பர் வளையம் சரியாகப் பொருந்தாது. போதாததற்கு, கட்டிவைக்காமல் விட்டதால் அது இரும்புச் சட்டத்தின் பள்ளத்தில் தேங்கிய மழைநீரில் கிடந்தது. இப்படிப்பட்ட இணைப்பு வெயில் காலத்தில் சூடேறிக் கருகவும் செய்யும். டேப் சுற்றிவிட்டு வருவதில் பிரயோசனம் இல்லை. பேனலில் இருக்கும் அதே கம்பெனியின் கனெக்டரை, அதற்குரிய கிரிம்பிங் கருவியால் அழுத்திப் பொருத்தி, புதுக் கேபிள் போட்டேன். வெயிலைத் தாங்கும் கட்டுகளால் சட்டத்தின் அடிப்பக்கம் தூக்கிக் கட்டினேன்.

பிறகு மெக்கர் வைத்து 500 வோல்டில் காப்புத் தடையைச் சோதித்தேன். குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும். அதற்கு மிக மேலே வந்தது. தேதி போட்டு அந்த எண்ணைப் பழைய தாளின் கீழேயே எழுதி, இன்வெர்ட்டர் பக்கத்துச் சுவரில் பிளாஸ்டிக் உறைக்குள் மாட்டிவிட்டு வந்தேன்.

உங்கள் வீட்டில் சோலார் இருந்து அப்படி ஒரு தாள் இல்லையென்றால், பொருத்தியவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பிளஸ்-மைனஸ் வோல்ட், காப்புத் தடை, எர்த் குழியின் ஓம் ஆகிய மூன்றும் தேதியோடு அதில் இருக்க வேண்டும். பேனலைக் கழற்றத் தேவையில்லை. வெயில் உள்ள ஒரு காலைப்பொழுதில் எடுத்துவிடலாம்.